பில்லிங் சாப்ட்வேரை கிளவுடுக்கு மாற்ற இயக்குநர்களுக்கு எழுதிய கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு உர, விதை, பூச்சிமருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் ஐ.டி. மேனேஜராக இருக்கிறேன். பாபநாசம், மயிலாடுதுறை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களில் எங்களுக்குக் கிளைகள். தலைமைக் கடையையும் சேர்த்து 14 பில் கவுண்டர்கள். 2024 நவம்பரில் பில்லிங்கைக் கிளவுடுக்கு மாற்றலாம் என்று எங்கள் இயக்குநர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன்படியே மாற்றியும் முடித்தோம். அதிலிருந்து பக்கத்துக் கம்பெனி நண்பர்கள், எங்கள் கிளை ஆட்கள், இயக்குநர்கள் என்று மாற்றி மாற்றி அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிளவுடுன்னா என்ன சார்? நம்ம பில்லெல்லாம் எங்கே போய் உட்காரும்?

இப்போது உங்கள் கடையின் பின்னறையில் ஒரு சர்வர் இருக்கிறதல்லவா, அதே வேலையைச் செய்யும் கம்ப்யூட்டர் வேறொருவருடைய கட்டடத்தில் இருக்கும். நாம் மாத வாடகை கட்டுவோம். கரண்ட், ஏசி, கெட்டுப்போன டிஸ்க்கை மாற்றுவது எல்லாம் அவர்கள் பாடு. பில் போடும் சாப்ட்வேர், அதில் இருக்கும் கணக்கு, யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் நம் பாடுதான். இந்த இரண்டாவது பாதியை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

எங்களுடையது மும்பையில் இருக்கிற ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிறது. இடம் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஆடிட்டர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இருக்கிற சர்வர் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டணும்?

எங்கள் பெரிய ஐயா கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் வாயால் பதில் சொல்லவில்லை. சர்வரின் மூடியைக் கழற்றிக் காட்டினேன். குடோனை ஒட்டிய அறை அது. யூரியாத் தூள் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். மின்விசிறியின் இறக்கைகளில் அது வெள்ளையாக, பிசுபிசுவென்று அப்பியிருந்தது. மெமரி பலகைக்குப் பக்கத்தில் செம்பு தெரிகிற இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஏசி போட்டும் இந்த நிலை.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் சாப்ட்வேர் எஸ்.க்யூ.எல். சர்வர் 2014-இன் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸில் ஓடியது. அதில் ஒரு டேட்டாபேஸின் டேட்டா ஃபைல் 10 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. தாண்டும் நாளில் முன்னறிவிப்பெல்லாம் வராது, பில் சேமிப்பாகாமல் நிற்கும், அவ்வளவுதான். போதாததற்கு 2014 பதிப்புக்கு மைக்ரோசாப்ட் 2024 ஜூலை 9-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. உங்களுடையது எந்த அளவில் இருக்கிறது என்று, பில்லிங் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இப்படிப் பார்க்கலாம்:

```
SELECT name, type_desc, size*8/1024 AS MB
FROM sys.database_files;
```

`ROWS` என்று வரும் வரிதான் கணக்கு. `LOG` வரியை அந்த 10 ஜி.பி.யில் சேர்க்க மாட்டார்கள். எங்களுக்கு 9,300-க்குப் பக்கத்தில் காட்டியது. மாதத்துக்கு 60, 70 எம்.பி. ஏறிக்கொண்டிருந்தது. அதாவது ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடத் தாங்கும். கடிதத்தில் 'சர்வர் பழசாகிவிட்டது' என்று எழுதாமல் இந்த எண்ணை எழுதினேன்.

கடிதத்தில் முதல் பாராவில் என்ன எழுதணும்? எத்தனை பக்கம்?

ஒன்றரைப் பக்கம் போதும். கிளவுட் என்றால் என்ன, அதன் பயன்கள் என்னென்ன என்று ஆரம்பித்தால் இயக்குநர்கள் இரண்டாம் பாராவுக்கு வரமாட்டார்கள். என்ன அனுமதி வேண்டும், எவ்வளவு பணம், எந்தத் தேதி, பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பது முதலில் வர வேண்டும். என் கடிதத்தின் முதல் பாரா இது:

"மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு, பாபநாசம் கிளையின் பில்லிங்கை மட்டும் 2025 பிப்ரவரி 17 முதல் கிளவுடில் ஓட்ட அனுமதி கேட்கிறேன். முதல் இரண்டு மாதத்துக்கான செலவு 19,000 ரூபாய். மார்ச் 20 அன்று வரவு செலவும் குறைகளும் எழுதி உங்களிடம் தருவேன். முதல் 15 நாளுக்குள் சரிவரவில்லை என்றால் அந்தக் கிளை ஒரே இரவில் பழைய முறைக்குத் திரும்பும். மற்ற நான்கு இடங்களைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டியதில்லை."

கடைசி வாக்கியத்தால்தான் கையெழுத்து கிடைத்தது என்று நினைக்கிறேன். முழுத் திட்டத்துக்கும் ஒரே கையெழுத்து கேட்டால் முழுத் திட்டத்தின் பயமும் அந்தக் கையெழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மீதிக் கட்டங்களைத் தேதியோடு ஒரு இணைப்புத் தாளில் வைத்தேன். 'தகவலுக்காக மட்டும்' என்று மேலே எழுதியிருந்தேன்.

கட்டம் கட்டமா எதுக்கு? ஒரே ராத்திரியில மாத்திட்டா தொல்லை ஒரே நாளோட போச்சே?

தொல்லை ஒரே நாளோடு போகாது, ஒரே நாளில் 14 கவுண்டருக்கும் வரும். மாற்றிய பிறகு வரும் தவறுகள் பெரும்பாலும் சாப்ட்வேரில் இருப்பவை அல்ல. நம் பழைய கணக்கில் ஏற்கெனவே ஒளிந்திருப்பவை. அவை பில் போடும்போதுதான் வெளியே வரும். ஒரு கிளையில் வந்தால் நான் ஸ்கூட்டரில் போய்ச் சரிசெய்யலாம். ஐந்து ஊரில் ஒரே காலையில் வந்தால் என்ன செய்வது?

எங்கள் வரிசை இதுதான். டிசம்பரில் தினசரி பேக்கப்பை மட்டும் கிளவுடுக்கு அனுப்பினோம். அதனால் யாருடைய வேலையும் மாறவில்லை. பிப்ரவரி 17 பாபநாசம். ஏப்ரல் 1 மற்ற மூன்று கிளைகள். மே 5 கும்பகோணம் தலைமைக் கடை. குடோனும் பெரிய பாக்கிகளும் தலைமைக் கடையில் இருப்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

தேதி எப்படிப் பிடிக்கிறது? புது நிதியாண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதானே நல்ல நாள்?

கணக்குக்கு ஏப்ரல் 1 நல்ல நாள்தான், புது பில் வரிசை இயல்பாகவே தொடங்கும். ஆனால் முதல் சோதனையை அன்றைக்கு வைக்காதீர்கள். வருட முடிவு வேலையில் அக்கவுண்டன்ட் தலைநிமிர மாட்டார், உங்களுக்கோ அவர் வேண்டும்.

எங்களுக்குப் பஞ்சாங்கம் மேட்டூர் அணைதான். ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள். அதை ஒட்டி குறுவைக்கு டி.ஏ.பி.யும் யூரியாவும் நகர ஆரம்பிக்கும். அப்புறம் சம்பா, தாளடி என்று நவம்பர் வரை கவுண்டரில் மூச்சுவிட நேரமில்லை. சம்பா அறுவடை முடிகிற பிப்ரவரி நடுவிலிருந்து மே வரை கடை கொஞ்சம் ஓய்வாக இருக்கும். ஆகவே எல்லாக் கட்டமும் அந்த மூன்றரை மாதத்துக்குள். ஜூன் 1-க்குப் பிறகு எதையும் தொடுவதில்லை என்று கடிதத்திலேயே எழுதிவிட்டேன். ஏதாவது தள்ளிப்போனால் அடுத்த பிப்ரவரிதான்.

சாப்ட்வேர் அப்படியே கடையில இருக்கட்டும், டேட்டாபேஸை மட்டும் கிளவுடுல வெச்சா மலிவா முடியாதா?

முடியாது. நான் முதலில் செய்து பார்த்த தவறு இதுதான். பழைய பாணி பில்லிங் சாப்ட்வேர், ஒரு பில் முடிவதற்குள் டேட்டாபேஸிடம் நூறு தடவைக்கு மேல் போய்க் கேட்கும்: இந்தப் பொருளின் விலை என்ன, எந்த பேட்ச், இருப்பு எவ்வளவு, வரி எவ்வளவு, இவருக்குப் பாக்கி எவ்வளவு. எங்களுடையதை எண்ணிப் பார்த்தேன். பத்துப் பொருள் உள்ள பில்லுக்கு ஏறத்தாழ 180 தடவை. கடைக்குள் கேபிளில் ஒரு தடவை போய்வர ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. பாபநாசத்திலிருந்து மும்பைக்குப் போய்வர சுமார் 40 மில்லிசெகண்ட் ஆனது. 180-ஐ 40-ஆல் பெருக்கினால் 7 செகண்டுக்கு மேல் சும்மா காத்திருப்பு. நெட் வேகத்தைக் கூட்டினாலும் இது குறையாது, ஏனென்றால் இங்கே பிரச்சினை தூரம்.

அதனால் சாப்ட்வேரும் டேட்டாபேஸும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் கிளவுடில் வைத்து, கிளையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தத் திரையைப் பார்த்து பில் போடுகிறோம். திரையும் விசை அழுத்தமும்தான் நெட்டில் போகின்றன. உங்கள் சாப்ட்வேர் கம்பெனியிடம் பிரவுசரில் ஓடும் பதிப்பு இருந்தால் அது இன்னும் நல்லது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதிலேயே இரண்டு நாள் போயிற்று. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக பில்லைப் படம்போல அச்சடிக்கும்; ஒரு பில்லுக்கு அரை நிமிடம் கரகரவென்று இழுக்கும். பிரிண்டருக்கு `Generic / Text Only` டிரைவரைப் போட்டதும் பழைய வேகம் வந்துவிட்டது.

வருஷ நடுவுல மாத்தினா பில் நம்பர் என்ன ஆகும்? ஜி.எஸ்.டி.யில மாட்டிக்க மாட்டோமா?

மாட்டிக்கொள்ள மாட்டோம், புது வரிசை தொடங்கினால். ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டில் அதே எண் மறுபடி வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆகவே பழைய சாப்ட்வேரில் வரிசை ஒரு எண்ணில் நின்றுவிடும். புதியதில் வேறு முன்னெழுத்தோடு 1-இலிருந்து தொடங்கும்.

இங்கே நாங்கள் தடுக்கி விழப் பார்த்தோம். பாபநாசத்தின் பழைய வரிசை `PBN/24-25/003187` என்று இருந்தது. எண்ணிப் பாருங்கள், சரியாக 16. கிளவுடுக்கு அடையாளமாகக் கடைசியில் ஒரு `C` சேர்க்கலாம் என்று சாப்ட்வேர்காரர் சொன்னார். அது 17 ஆகிவிடும், இ-இன்வாய்ஸ் தளம் அந்த எண்ணை ஏற்காது. எனவே முன்னெழுத்தையே மாற்றி `PCL/24-25/000001` என்று தொடங்கினோம். இதுவும் 16.

பிப்ரவரி மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்யும்போது, வெளியிட்ட ஆவணங்களின் எண்களைக் கேட்கும் 13-ஆம் அட்டவணையில் இரண்டு வரிசையையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். பழையது எந்த எண்ணில் நின்றது, புதியது எந்த எண் வரை வந்தது என்று. மாற்றிய இரவே அந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, கிளை மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்துத் தேடினால் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள்.

கொஞ்ச நாள் ரெண்டுலயும் பில் போட்டுப் பாக்கலாமா?

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில்லை இரண்டிலும் போடவே கூடாது. ஒரே விற்பனைக்கு இரண்டு பில் எண் ஆகிவிடும். நாங்கள் செய்தது வேறு. மாற்றுவதற்கு முந்தைய வாரம் தினமும் கடை மூடியதும், அன்றைய பழைய பில்களில் 40-ஐ எடுத்து, புதிய சாப்ட்வேரின் சோதனைப் பிரதியில் இரண்டு பையன்களை விட்டு மறுபடி அடிக்கச் சொன்னோம். பிறகு நான்கு எண்ணை மட்டும் ஒப்பிட்டோம்: விற்பனைத் தொகை, வரித் தொகை, ஒவ்வொரு பேட்ச்சின் இருப்பு, ஒவ்வொரு கடைக்காரரின் பாக்கி.

முதல் நாளே வரியில் பைசாக் கணக்கு உதைத்தது. ஒரு பூச்சிமருந்து ஒரே பில்லில் மூன்று பேட்ச்சில், மூன்று தனிப் பதிவாக, ஒவ்வொன்றும் 127.25 ரூபாய்க்கு இருந்தது. மத்திய ஜி.எஸ்.டி. 9 சதவீதத்தை ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகப் போட்டால் 11.45, மூன்றுக்கும் சேர்த்து 34.35. மொத்தம் 381.75-க்கு ஒரேயடியாகப் போட்டால் 34.36. மாநில வரியிலும் அதே ஒரு பைசா. பழையது மொத்தத்துக்குப் போட்டது, புதியது ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகப் போட்டது. எதுவும் தவறில்லை, ஆனால் ஏன் வித்தியாசம் என்று தெரியாமல் விட்டால் இதே இரண்டு பைசாவுக்குப் பின்னால் உண்மையான தவறு ஒளிந்துகொள்ளும்.

உண்மையான தவறு மூன்றாம் நாள் வந்தது. பாபநாசத்தில் யூரியா 240 மூட்டை. புதியதில் கிலோக் கணக்கில் 12,000 காட்டியது. யூரியா மூட்டை 2018-இலிருந்து 45 கிலோ, வரவேண்டியது 10,800. சரக்குப் பட்டியலை மாற்றி ஏற்றியபோது மூட்டை என்று இருந்த எல்லாவற்றுக்கும் 50 கிலோ என்று விழுந்திருந்தது. இல்லாத 1,200 கிலோவை வைத்துக்கொண்டு குறுவைக்குள் போயிருப்போம்.

ஒரு கிளை புதுசுல, குடோன் பழசுல இருக்கும்போது சரக்கு அனுப்பினா எதுல எழுதறது?

கட்டம் கட்டமாகப் போவதற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். இதைக் கடிதத்தில் மறைக்காதீர்கள். ஒரே மாநிலத்தில் ஒரே ஜி.எஸ்.டி. எண்ணுக்குள் கிளை மாற்றும் சரக்குக்கு வரி கிடையாது, டெலிவரி சலான் போதும். சலான் பழைய சாப்ட்வேரில் கும்பகோணத்தில் கிளம்பும். அதே எண்ணில் பாபநாசத்தில் புதியதில் வரவு வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை கிடையாது, கையால் அடிப்பதுதான்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு நாள் லாரி 60 மூட்டை டி.ஏ.பி.யை இரவு எட்டரைக்கு இறக்கிவிட்டுப் போனது. வாங்கிவைத்தவர் சலானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் ஒரு கடைக்காரர் 20 மூட்டை கேட்கிறார், மூட்டை கண்ணெதிரே அடுக்கியிருக்கிறது, திரையில் இருப்பு பூஜ்யம், பில் வரமாட்டேன் என்கிறது. கிளை மேனேஜர் எனக்குப் போன் போட்டுக் கத்தினார். கத்தியது நியாயம்தான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். இரவு கடை மூடுமுன் கும்பகோணம் ஆள் அன்று போன சலான் எண்களை வாட்ஸ்அப்பில் போடுவார். கிளை ஆள் ஒவ்வொன்றுக்கும் 'வரவாச்சு' என்று பதில் போட வேண்டும். பதில் வராத சலான் அடுத்த நாள் காலை என் முதல் வேலை. மே 5-க்குப் பிறகு இந்தத் தொல்லை தானாகவே நின்றுவிட்டது.

நெட் போச்சுன்னா கடையை மூடிட்டு உக்காரணுமா? புயல் வந்தா?

சாதாரண நாளில் நெட் போனால் சமாளிக்க இரண்டு லைன் போதும். கிளைக்கு ஒரு ஃபைபர், கூடவே வேறு கம்பெனியின் 4ஜி சிம். ஒன்று விழுந்தால் மற்றதுக்குத் தானே தாவும் ரவுட்டர் ஒன்று வைத்தோம். இரண்டும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால் பிரயோஜனம் இல்லை, சேர்ந்தே விழும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுக்க மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், நெட் பெட்டி அணைந்து கிடக்கும். இது நிறையக் கடைகளில் நடக்கிறது.

புயல் வேறு கதை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையேறியபோது திருத்துறைப்பூண்டிப் பக்கம் மின்கம்பமும் செல்போன் டவரும் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டு. அப்போது சர்வர் கடைக்குள்ளேயே இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை, கரண்ட் வேண்டுமே! அதனால் ஒவ்வொரு கிளையிலும் அச்சடித்த பில் புத்தகம் இரண்டு வைத்திருக்கிறோம். அதற்குத் தனி முன்னெழுத்து, தனி வரிசை; முன்னே சொன்ன 16 எழுத்துக் கணக்கு இதற்கும் உண்டு. விவசாயிக்குக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, நெட் வந்ததும் அதே எண்ணில் அடிக்கலாம்.

ஜி.எஸ்.டி. எண் உள்ள கடைக்காரருக்கு இது சரிவராது. ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய கம்பெனிகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம்; அரசுத் தளம் கொடுக்கும் எண் இல்லாமல் அந்த பில் செல்லாது. கிளவுடில் இருந்தாலும் கடையில் இருந்தாலும் அதற்கு நெட் வேண்டும். அந்தக் கிளைக்கு நெட் திரும்பும்வரை கும்பகோணத்திலிருந்து பில் போட்டுக் கொடுப்பதுதான் வழி. எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் இப்போது அது முடிகிறது, பழைய முறையில் முடியாது.

விவசாயி கைரேகை வெச்சு யூரியா வாங்குற பி.ஓ.எஸ். மெஷினும் இதோட போயிடுமா?

போகாது. அது உர மானியத்துக்கான அரசின் தனி ஏற்பாடு, அப்படியே இருக்கும். மெஷின் காட்டும் இருப்பும் நம் சாப்ட்வேர் காட்டும் இருப்பும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவே. மாற்றும் இரவில் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

எங்க பாக்கி லிஸ்ட்டை எவனாவது வெளியூர்ல உக்காந்து பாத்துட மாட்டானா?

எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, யாருக்கு எத்தனை நாள் தவணை என்பதுதான் இந்த வியாபாரத்தின் ரகசியம் என்பதால் இயக்குநர்களுக்கு இந்தப் பயம் வருவது சரியே. கிளவுட் கம்பெனிக்காரன் திறந்து பார்ப்பான் என்று பயப்படுகிறார்கள்; நான் பயப்படுவது வேறு இடத்தில். ரிமோட் டெஸ்க்டாப்பின் `3389` போர்ட்டை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்தால் கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே வந்து எல்லாக் கணக்கையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற கும்பல்கள் உண்டு. நாங்கள் அதை மூடி, வி.பி.என். வழியாக மட்டும், போனில் வரும் ஓ.டி.பி.யோடு நுழையும்படி வைத்தோம்.

இன்னொன்று: கிளைக்கு ஒரே கடவுச்சொல் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒன்று. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே நிறுத்த வேண்டும். பழைய சர்வரில் பார்த்தபோது, மூன்று வருடம் முன்பு போனவரின் பெயரில் இன்னும் பில் ஏறிக்கொண்டிருந்தது.

செலவு குறையும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

எங்களுக்குக் குறையவில்லை. கடிதத்தில் குறையும் என்று எழுதாதீர்கள், ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். புது சர்வர் லைசென்ஸோடு 4,60,000 ரூபாய். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 92,000. பராமரிப்பு ஒப்பந்தம் 36,000, யு.பி.எஸ். பேட்டரியும் ஏசி கரண்டும் 34,000. ஆக 1,62,000. கிளவுட் மாதம் 17,500, வருடத்துக்கு 2,10,000. ஐந்து இடத்துக்கும் இரண்டாவது நெட் லைன் 42,000. ஆக 2,52,000. வருடத்துக்கு 90,000 ரூபாய் கூடுதல்.

அந்த 90,000-க்கு என்ன கிடைக்கிறது என்று அடுத்த பாராவில் எழுதினேன். 2023 குறுவையில் சர்வர் டிஸ்க் போய் இரண்டு நாள் 611 பில் கையால் எழுதினோம். அதைத் திரும்ப ஏற்ற ஒன்பது இரவு ஆயிற்று. 23 பில்லின் பிரதி கிடைக்கவேயில்லை, அவற்றில் பாக்கி விற்பனையும் இருந்தது. வாங்கினவர் சொன்னதுதான் கணக்கு என்று விட்டோம். பெரிய ஐயாவுக்கு அந்த 23 இன்னும் நினைவிருந்தது.

ரூபாயில், ஜி.எஸ்.டி.யோடு பில் தரும் கிளவுட் கம்பெனியாகப் பாருங்கள். அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆடிட்டர் ஒத்துக்குவாரா?

கடிதம் போகும் முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இரண்டு விஷயம் கேட்பார். கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் தினமும் இருக்க வேண்டும். முன்பு அவ்வப்போது என்று இருந்தது 2022-இலேயே தினசரியாக மாறிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார் என்ற பதிவேட்டை நிறுத்த முடியாதபடி சாப்ட்வேர் வைத்திருக்க வேண்டும். இரண்டாவதில் கவனம்: பழைய டேட்டாவை ஏற்றும் இரவில் சாப்ட்வேர்காரர்கள் வேகத்துக்காக அந்தப் பதிவேட்டை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்துபோவார்கள். காலையில் நீங்களே ஒரு பில்லைத் திருத்திப் பார்த்து, பதிவாகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாதியில பிடிக்கலைன்னா திரும்பி வர முடியுமா? இல்ல சும்மா சொல்றீங்களா?

முடியும், 15 நாளுக்குள் என்றால். அதற்குப் பிறகு திரும்புவதைவிட முன்னே போவதே சுலபம் என்று கடிதத்தில் நேராகவே எழுதினேன். திரும்பும்போது புது வரிசையில் போட்ட பில்களை அழிக்கக் கூடாது. அவை வாடிக்கையாளர் கையில் இருக்கின்றன. `PCL` வரிசை அதே எண்களோடு பழைய சாப்ட்வேரில் ஏறும், `PBN` விட்ட இடத்திலிருந்து தொடரும். பாபநாசத்தில் நாளுக்குச் சராசரி 50 பில் என்றால் 15 நாளுக்கு 750. இரண்டு பேர் மூன்று நாளில் அடித்துவிடலாம். அந்த 15 நாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்தக் கணக்கிலிருந்துதான்.

எப்போது திரும்புவோம் என்பதையும் முன்கூட்டியே எழுதினேன்: ஒரு பில் முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆவது ஒரே நாளில் பத்துத் தடவை நடந்தால், இரண்டு லைனும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுவது வாரத்தில் இரண்டு தடவை நடந்தால், இருப்போ பாக்கியோ காரணம் தெரியாமல் இரண்டு நாள் ஒத்துப்போகாவிட்டால். முடிவை நான் எடுக்காமல் கிளை மேனேஜர் எடுக்கலாம் என்றும் சேர்த்தேன். அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று தெரிந்ததும் குறைகளைப் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

எல்லாம் மாறினதுல உருப்படியா என்ன கண்டீங்க?

2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சொட்டுநீர்ப் பாசனச் சாமான்கள் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. முன்பானால் ஐந்து ஊரிலும் தனித்தனியாக மாற்றி, எந்தக் கிளை எதை விட்டது என்று ஒரு வாரம் தேடியிருப்போம். 21-ஆம் தேதி இரவு ஒரே இடத்தில் மாற்றினேன், முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் அரை மணி நேரம் ஹெச்.எஸ்.என். குறியீடு தப்பாக இருந்த பழைய பொருள்களைத் திருத்துவதற்கே போய்விட்டது.

பழைய சர்வரை எப்போ எடைக்குப் போடலாம்?

அவசரப்படாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்தந்த வருடத்தின் ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பதிவேடுகள் இருக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டு. நாங்கள் மே 5-க்குப் பிறகு பழைய டேட்டாபேஸைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டோம். அதன் பேக்கப் ஒன்று கிளவுடில், ஒன்று கழற்றிவைக்கும் டிஸ்க்கில், டிஸ்க் ஆடிட்டர் அலமாரியில். பேக்கப் மட்டும் இருந்தால் போதாது, அதைத் திறக்கிற பழைய சாப்ட்வேரும் அதன் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். இதைத் தனியாக ஒரு சின்ன கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை ஆன் செய்து 2019-இல் போட்ட ஏதாவது ஒரு பில்லை எடுத்து அச்சடித்துப் பார்க்கிறேன். போன தடவை பில் வந்தது, பிரிண்டர் ரிப்பன்தான் காய்ந்திருந்தது.